பக்கம் சேராத மூன்று வரி: உடன் வேலை பார்ப்பவரைப் பற்றிய ஓயாத புலம்பலும் அதற்குச் சொன்ன பதிலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வேலையிடத்துப் பிணக்குகளில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் பொறுப்பில் இருக்கிறேன். பெரும்பாலும் சண்டை போட்டவர்கள்தான் என்னிடம் வருவார்கள். இந்த நிகழ்வில் வந்தவர் சண்டையில் இல்லாதவர். ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்வதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். மூவரையும் இளையவர், மூத்தவர், கிடங்கு அலுவலர் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. சப்ளையர் அனுப்பிய பில்லுக்குப் பணம் போக வேண்டுமானால் மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும்: பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கிடங்கு தரும் வரவுச் சீட்டு, சப்ளையரின் பில். இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்கில் ஏற்றுவது மூத்தவரின் வேலை. வரவுச் சீட்டு போட்டு அனுப்புவது கிடங்கு அலுவலர். ஏறிய பில்களுக்குப் பணம் அனுப்புவது இளையவர். எந்தச் சரக்கு வந்தது, எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்க இளையவர் தினமும் கிடங்குக்குப் பேச வேண்டும். எந்தப் பில் ஏறியது என்று கேட்க மூத்தவரிடமும் பேச வேண்டும். இருவரில் ஒருவரோடு முறைத்துக்கொண்டாலும் அவர் வேலை நின்றுபோகும்.

மாதக் கடைசியில் வரவுச் சீட்டுகள் கொத்தாக வந்து விழும். அந்த மாதக் கணக்கில் சேர வேண்டியவற்றைச் சேர்த்து முடிக்க மூத்தவர் இரவு வரை உட்கார வேண்டியிருந்தது. அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புலம்புகிறவர் வம்புக்காரர் என்று எடுத்துக்கொண்டால் இந்த நிகழ்வு புரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இளையவர் வேலையில் சேர்ந்தபோது தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் மூத்தவர்தான். ஆரம்பத்தில் செய்த பிழைகளை மேலாளர் வரை போகவிடாமல் தானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவர். 'அக்கா' என்றுதான் இளையவர் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் மனம்விட்டுப் பேசும்போது கேட்க மாட்டேன் என்று சொல்வது நன்றி மறந்ததாகத் தோன்றும் என்ற பயம் அவருக்கு இருந்தது. "அக்கா எனக்குச் செஞ்சதுக்கு நான் காது கொடுக்கறதாவது செய்ய வேண்டாமா?" என்றுதான் என்னிடம் பேச்சைத் தொடங்கினார்.

புலம்பல் வளர்ந்த விதம்

தொடக்கத்தில் பேச்சு வேலையைப் பற்றியது. "இன்னிக்கும் சீட்டு வரலை. பன்னெண்டு பில் நிக்குது." இதில் குறை ஒரு செயலின் மேல் இருக்கிறது. சீட்டு வந்துவிட்டால் குறையும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது மாதத்தில் பேச்சு ஆளின் மேல் திரும்பியது. "அந்த ஆளுக்குப் பொறுப்புங்கறதே கிடையாது." மூன்றாவது மாதத்தில் அவர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுவரை போய்விட்டது. "வேணும்னேதான் பண்றார். நான் மேலாளர்கிட்ட மாட்டிக்கணும்னு பார்க்கறார்."

செயல், பிறகு குணம், பிறகு உள்நோக்கம். இப்படிப் படி ஏறுவதை நான் பல பிணக்குகளில் பார்த்திருக்கிறேன். முதல் படியில் இருக்கும்போது கேட்பவரால் உதவ முடியும், "எந்தச் சீட்டு? நான் கேட்டு வாங்கித் தரட்டுமா?" என்று சொன்னால் போதும். மூன்றாவது படிக்குப் போன பிறகு, கேட்பவர் என்ன சொன்னாலும் அது ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். "ஆமாம்" என்றால் உடன்பாடு, "அப்படி இருக்காது" என்றால் எதிர்ப்பு. பேசாமல் இருந்தால் பாதி உடன்பாடு.

இடைவேளையில் தொடங்கிய பேச்சு வேலை முடிந்து வெளியே நடக்கும் வழிக்கு நீண்டது. அதன் பிறகு இரவில் செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் குரல் பதிவாகவும் வரத் தொடங்கியது. குரல் பதிவைக் கேட்காமல் விட்டால் மறுநாள் காலை, "கேட்டியா?" என்ற கேள்வி தயாராக இருக்கும்.

கவனித்தவை

பதில் சொல்வதைப் பற்றி யோசிக்கும் முன், ஒரு வாரம் சும்மா குறித்துவைக்கச் சொன்னேன். மூத்தவர் என்ன சொன்னார், புதிதாக என்ன சொன்னார், இளையவர் பதிலுக்கு என்ன சொன்னார், இவ்வளவுதான். மற்றவர் கண்ணில் படாத இடத்தில், பெயர் போடாமல், வாரம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பதும் ஏற்பாடு. உடன் வேலை பார்ப்பவரைப் பற்றிக் குறிப்பேடு வைத்திருப்பது தெரிந்தால் அதுவே அடுத்த சண்டையாகிவிடும்.

அந்தக் குறிப்பில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, புதிய செய்தி ஏறக்குறைய எதுவுமே இல்லை. அதே மூன்று சம்பவங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் சொல் கொஞ்சம் காரமானது, அவ்வளவுதான். கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகும் என்று நாம் நம்புகிறோம். கோபத்தைப் பொறுத்தவரை அப்படி நடப்பதில்லை என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது. 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். ஆளை நினைத்தபடியே கொட்டுவது கோபத்தைப் புதுப்பிக்கிறது. தன் காது மூத்தவருக்கு நிம்மதி தருகிறது என்று இளையவர் நம்பியிருந்தார். குறிப்பு அதற்கு நேர்மாறாக இருந்தது: மாலையில் பேசி முடித்த பிறகுதான் இரவுக் குரல் பதிவுகள் அதிகம் வந்திருந்தன.

இரண்டாவது, ஒவ்வொரு பேச்சும் ஒரு கேள்வியில் போய் முடிந்தது. "நான் சொல்றது சரிதானே?" "நீயே சொல்லு, இது நியாயமா?" இளையவர் அதற்குச் சொன்னதாகக் குறித்திருந்தது பெரும்பாலும் "உம்". கதை கேட்பவர் உம் கொட்டுவதுபோல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அளவில்தான் அவர் அதைச் சொன்னார். நியாயமா என்று கேட்ட பிறகு வரும் 'உம்', கேட்டவர் காதில் 'நியாயமில்லை' என்றே விழும்.

மூன்றாவதுதான் இளையவரை உலுக்கியது. கிடங்குக்குப் போன் செய்வதை அவர் தன்னையறியாமல் நிறுத்தியிருந்தார். முன்பெல்லாம் "சார், அந்த மோட்டார் வந்துடுச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு முடிப்பார். இப்போது மேலாளருக்கு நகல் வைத்து இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புகிறார். கிடங்கு அலுவலர் அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கேட்ட பேச்சு கையில் இறங்கியிருந்தது.

இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு அதைத் தணித்துக்கொள்வார்கள் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் குடும்பங்களை வைத்து விளக்கினார். முக்கோணம் என்று அதற்குப் பெயர். அலுவலகத்திலும் அது அப்படியே நடக்கிறது. மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டால், முதல் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசரம் போய்விடும். மூத்தவர் இந்த மூன்று மாதத்தில் தாமதத்தைப் பற்றிக் கிடங்கு அலுவலரிடம் ஒருமுறைகூட நேரில் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் குறிப்பெல்லாம் தொடங்கும் முன்பே பிரிவுக் கூட்டம் ஒன்றில் மூத்தவர், "நான் மட்டும் சொல்லலை, அவளும் இதையேதான் சொல்றா" என்று மேலாளரிடம் சொல்லியிருந்தார். இளையவர் அங்கே இருந்தார், வாயடைத்துப்போனார். அதற்கு மறுநாள்தான் அவர் என்னைத் தேடி வந்தது.

முடிவெடுத்த விதம்

விலகிப் போய்விடலாமா என்று முதலில் கேட்டார். இடைவேளைக்கு வேறு நேரத்தில் போவது, குரல் பதிவைத் திறக்காமல் விடுவது. காரணம் சொல்லாமல் விலகினால் மூத்தவர் தானாக ஒரு காரணம் கண்டுபிடிப்பார், அது 'இவளும் அந்தப் பக்கம் போய்விட்டாள்' என்பதாகத்தான் இருக்கும் என்றேன்.

கிடங்கு அலுவலர் தரப்பை எடுத்துச் சொல்வது அடுத்த யோசனை. "அவருக்கும் ஆள் பத்தலை அக்கா" என்பதுபோல. நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் அது வக்கீல் வேலை. மூத்தவர் அடுத்த முறை இன்னும் வலுவான ஆதாரத்தோடு வருவார், பேச்சு நீளும்.

தானே போய்க் கிடங்கு அலுவலரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்திருந்தார். இதைத்தான் நான் கடுமையாகத் தடுத்தேன். தூது போகிறவர் சொல்லை மாற்றாமல் கொண்டுபோக முடியாது. மூத்தவர் அவரை நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் கொண்டுபோவதாகவும் ஆகும்.

மேலாளரிடம் போவதைப் பற்றியும் பேசினோம். அப்போதைக்கு இளையவரிடம் இருந்தது அடுத்தவர் பிணக்கைப் பற்றிய கேள்விச் செய்தி மட்டும். துன்புறுத்தல், மிரட்டல், பாதுகாப்புக் குறைபாடு, பண முறைகேடு இவற்றில் எதையாவது மூத்தவர் சொல்லியிருந்தால் பக்கம் சேராமல் இருக்கும் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் நேராகவே கேட்டேன். அன்று வரை அப்படி எதுவும் இல்லை என்றார்.

மிஞ்சியது நேரில், சுருக்கமாக, ஒரு பதில். பேச்சு உச்சத்தில் இருக்கும்போது குறுக்கே வெட்டாமல், அடுத்த முறை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். குறுஞ்செய்தியில் சொல்லக் கூடாது. எழுத்தில் குரல் வராது. அந்த வரியைப் படம் பிடித்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பவும் முடியும்.

பதிலைச் செதுக்கியது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஆனது. இளையவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது ஒரு முழுப் பக்கம். அதில் நடுவே இப்படி இருந்தது:

"அக்கா, நீங்க சொல்றது சரிதான், உங்க இடத்துல நான் இருந்தாலும் கோபம்தான் வரும், ஆனா எனக்கும் அவரோட தினமும் வேலை இருக்கு, அதுவும் இல்லாம இதையெல்லாம் கேட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, போன வாரம் கூட்டத்துல நீங்க என் பேரைச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு…"

இதில் 'நீங்க சொல்றது சரிதான்' என்ற வார்த்தை மட்டும்தான் வெளியே போகும். அடுத்த கூட்டத்தில், "அவளே சரின்னு சொன்னா" என்று வந்து நிற்கும். தூக்கம் வரவில்லை என்று சொன்னால், "சரி, ராத்திரி அனுப்பலை, பகல்லயே சொல்றேன்" என்பார் மூத்தவர். அது நியாயமான பதில்தானே. சொல்லும் ஒவ்வொரு காரணமும் எதிராளி பிடித்துக்கொள்ளும் ஒரு கைப்பிடி. கூட்டத்தில் பெயரைச் சொன்னது தனி விஷயம், தனியாகப் பேச வேண்டியது. இதோடு சேர்த்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியதாகிவிடும்.

இரண்டாவது வரைவு சுருங்கியிருந்தது: "எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான் அக்கா. என்னை இதுல இழுக்காதீங்க." சொல்வது உண்மைதான், ஆனால் காதில் விழுவது வேறு. கைபிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவரிடம் 'நீங்களும் அவரும் ஒன்று' என்றால் அது அடி. 'இழுக்காதீங்க' என்பது குற்றச்சாட்டு. யார் இழுத்தது என்ற வாதம் தொடங்கிவிடும்.

மூன்றாவதில், "இப்படி ஒருத்தர் இல்லாதப்ப அவரைப் பத்திப் பேசறது நல்லா இல்ல" என்று ஒரு வரி நுழைந்திருந்தது. வயதில் மூத்தவருக்கு நடத்தை சொல்லிக்கொடுக்கும் தொனி. அதை எடுத்துவிட்டோம்.

ஒவ்வொரு வரியையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்த்தோம். இதை அப்படியே கிடங்கு அலுவலர் காதில் போட்டால் அவர் புண்படுவாரா? மூத்தவர் இதை மேலாளரிடம் மேற்கோள் காட்டினால் யாருக்காவது சாதகமாக நிற்குமா? இரண்டுக்கும் 'இல்லை' என்று வரும் சொற்கள் மட்டும் தங்கின. கடைசியில் நின்றது இது:

"ராத்திரி வரைக்கும் உட்கார்றது கஷ்டம்தான் அக்கா, தெரியுது. அவரைப் பத்தி நான் எதுவும் சொல்றதா இல்லை. இதை அவர்கிட்டயே ஒரு தடவை நேராக் கேட்டுப் பாருங்களேன்."

முதல் வரி ஒப்புக்கொள்வது மூத்தவரின் சிரமத்தை மட்டும்தான். அதற்கு யார் காரணம் என்பதைத் தொடவில்லை. இரவு வரை உட்கார்வது கண்ணால் பார்த்த உண்மை. இரண்டாவது வரி இளையவர் தன்னைப் பற்றிச் சொல்வது. 'நீங்க பேசாதீங்க' என்ற தடை அதில் இல்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருந்த 'ஆனா'வைக் கவனமாக நீக்கினோம். 'ஆனா' வந்தால் அதற்கு முன் சொன்ன ஆறுதல் அழிந்துபோகும். மூன்றாவது வரி 'பாருங்களேன்' என்று முடிவதால் கட்டளையாகவும் இல்லை, கையை உதறிவிட்டதாகவும் இல்லை. போக வேண்டிய வாசலைக் காட்டுவதோடு சரி.

சொன்ன நாளும் அடுத்த வாரங்களும்

மாலையில் வெளியே நடக்கும்போது மூத்தவர் தொடங்கினார். "இன்னிக்கு என்ன பண்ணார் தெரியுமா?" இளையவர் மூன்று வரியையும் சொன்னார். குரல் நடுங்கியது என்று பிறகு சொன்னார்.

மூத்தவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஓ, நீயும் அந்தப் பக்கம்தானா?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். அதற்கு விளக்கம் தரக் கூடாது என்பதுதான் பேசிவைத்தது. "இல்லைக்கா. எந்தப் பக்கமும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏற வேண்டிய ஒரு பில்லைப் பற்றிக் கேட்டார். இது பேச்சை மாற்றும் தந்திரமாகத் தெரியலாம். உங்களோடு பேச எனக்கு வேறு விஷயம் இருக்கிறது, உறவு அறுந்துவிடவில்லை என்பதைக் காட்டத்தான் அது.

அடுத்து வந்தது மௌனம். ஒரு வாரத்துக்கும் மேல் மூத்தவர் வேலைக்குத் தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. இளையவர் என்னிடம் வந்து, போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றார். தவறு செய்திருந்தால் கேட்கலாம், வருத்தம் இருந்தால் வருத்தத்தைச் சொல்லலாம் என்றேன். காலையில் வழக்கம்போல வணக்கம் சொல்வதையும், சாதாரணமாகப் பேசுவதையும் நிறுத்த வேண்டாம் என்பது மட்டும் என் யோசனை. அவர் நிறுத்தவில்லை.

மௌனம் தணிந்ததும் சோதனை தொடங்கியது. "நான் அவரைப் பத்திப் பேசலை. பொதுவாக் கேக்கறேன். ஒரு ஆள் பத்து நாள் சீட்டு தராம இருந்தா அதுக்கு என்ன பேரு?" இளையவர் சிரித்துக்கொண்டே, "நான் சொல்றதா இல்லைக்கா" என்றார். சொன்னதையே இன்னும் சுருக்கி, அதே குரலில். இந்தக் கட்டத்தில் ஒருமுறை இளகிப் பதில் சொல்லிவிட்டால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று எதிராளி தெரிந்துகொள்வார். முன்பைவிட அதிகமாகக் கேட்பார். இரவுக் குரல் பதிவு ஒன்று வந்தபோது அதற்கும் பதில் போடாமல், மறுநாள் நேரில், "கேட்டேன் அக்கா. அவர்கிட்டயே பேசிடுங்க" என்றார். அதற்குப் பிறகு குரல் பதிவு வரவில்லை.

வேறு வகைப் புகார் ஒன்று

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மூத்தவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. "சரக்கு போன மாசமே வந்திருக்கு. சீட்டுல இந்த மாசத் தேதி போட்டு அனுப்பறார். தேதியையே மாத்தறார்."

இது முன்பு சொன்னவற்றோடு சேர்ந்ததில்லை. சரக்கு எந்த மாதம் வந்ததோ அந்த மாதச் செலவாகவும் இருப்பாகவும் கணக்கில் நிற்க வேண்டும். தேதியை வேண்டுமென்றே மாற்றினால் அது கணக்கு முறைகேடு. இளையவர் பழைய மூன்று வரியை இங்கே சொல்லவில்லை. நின்று, "அக்கா, இது நிஜம்னா மேலாளர்கிட்ட சொல்லியே ஆகணும். எந்தச் சீட்டுன்னு எடுத்து வைங்க. நீங்க சொல்றீங்களா, இல்ல நானும் கூட வரட்டுமா?" என்றார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கூட வருகிறேன் என்றது மூத்தவர் பக்கம் சேர்வதாகாது. சீட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கப் போவது அது. கிடங்கு அலுவலரைப் பற்றி ஒரு வார்த்தையும் இளையவர் சொல்லவில்லை. உண்மையான புகாருக்கும் வெறும் புலம்பலுக்கும் பதில் வேறாக இருந்ததால், முன்பு பதில் சொல்ல மறுத்தது அக்கறையில்லாததால் அல்ல என்பதும் மூத்தவருக்கு அப்போது தெரிந்தது. என்னிடம் பேசியபோது அவரே இதைச் சொன்னார்.

மேலாளர் நான்கு சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிடங்கு அலுவலரையும் கூப்பிட்டார். வரவுச் சீட்டில் தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. கிடங்கு அலுவலர் சரக்கைத் தரம் பார்த்து ஏற்றுக்கொண்ட தேதியை அதில் எழுதிவந்தார். அவருக்கு முன் இருந்தவர் சரக்கு வாசலுக்கு வந்த தேதியை எழுதியிருக்கிறார். மூத்தவர் அதை வைத்தே ஒப்பிட்டுவந்தார். தரச் சோதனைக்குச் சில சரக்குகள் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கும். தாமதம் என்று மூத்தவர் கண்டதில் பெரும்பகுதி இந்த இடைவெளிதான். மீதி உண்மையான தாமதம்: சீட்டுகளைச் சேர்த்துவைத்து வாரக் கடைசியில் மொத்தமாகப் போடும் பழக்கம் கிடங்கு அலுவலரிடம் இருந்தது.

சீட்டில் 'வந்த தேதி', 'ஏற்ற தேதி' என்று இரண்டு கட்டங்கள் போட்டார்கள். சீட்டு அன்றன்றே போக வேண்டும் என்று மேலாளர் எழுத்தில் கொடுத்தார்.

பிறகு என்ன ஆனது

மாதக் கடைசி நெருக்கடி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மூத்தவரும் கிடங்கு அலுவலரும் இப்போது நேரடியாகப் போனில் பேசிக்கொள்கிறார்கள். நட்பு என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள்.

மூத்தவரின் புலம்பல் நிற்கவில்லை, இடம் மாறியது. வேறு பிரிவில் உள்ள ஒருவரிடம் கொஞ்ச நாள் தொடர்ந்தது என்று இளையவருக்குத் தெரியவந்தது. இந்தப் பதில் ஒருவரின் வழக்கத்தை மாற்றிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தன் காதையும் தன் பெயரையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிகிறது, அதுதான் அதன் எல்லை.

இளையவருக்கு இதில் இழப்பும் உண்டு. மூத்தவரோடு இருந்த பழைய நெருக்கம் அப்படியே திரும்பவில்லை. மாலையில் சேர்ந்து நடப்பது வாரத்தில் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. இருவருக்கும் நடுவே இத்தனை நாள் ஓடிய பேச்சில் பெரும்பகுதி மூன்றாவது ஆளைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் வெற்றிடம் தெரிந்தது. அதை வருத்தத்தோடுதான் சொன்னார். நானும் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தில் பெயர் வந்ததைப் பற்றி அவர் தனியாகப் பேசினார். "அக்கா, கூட்டத்துல என் அபிப்பிராயத்தை நானே சொல்லிக்கறேன்" என்ற ஒரே வரிதான். மூத்தவர் "சரி" என்றார். அதன் பிறகு அப்படி நடக்கவில்லை. கிடங்குக்குப் போன் செய்வதை இளையவர் மறுபடி தொடங்கினார். முதல் போனில் கிடங்கு அலுவலர் கேட்டது: "என்னம்மா, ரொம்ப நாளாச்சு, மெயில்லதான் பேசுவீங்கன்னு நினைச்சேன்." அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலைமை மறுபடி வந்தால், பேச்சு செயலிலிருந்து குணத்துக்குத் தாவும் முதல் வாரத்திலேயே பதில் சொல்லச் சொல்வேன். அந்தக் கட்டத்தில், "எந்த பில்லுக்கா நிக்குது?" என்று கேட்டுப் பேச்சைச் செயலுக்கே திருப்பினால்கூடப் போதுமாக இருந்திருக்கும். மூன்று மாதம் உம் கொட்டிவிட்டு ஒருநாள் மறுத்ததால்தான் அது அவ்வளவு பெரிய திருப்பமாக மூத்தவருக்குப் பட்டது.

கூட்டத்தில் "அவளும் சொல்றா" என்று வந்தபோது, மேலாளர் அங்கேயே இளையவரைப் பார்த்து, "உங்க அனுபவம் என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவர் வாயில் இன்னொருவர் கருத்து வருவதை அப்படியே குறித்துக்கொள்வது அவர் வழக்கமாக இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். இப்போது கூட்டத்தில் அவரவர் பார்த்ததை மட்டும் அவரவர் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

கடைசியாக, வேலை சம்பந்தமான புலம்பல் என்று தெரிந்ததும் சம்பந்தப்பட்ட தாளை வரவழைத்துப் பார்க்கும்படி மேலாளரிடம் சொல்வதை என் நடைமுறையில் முதலில் வைக்கிறேன். யார் மேல் புகார் என்று சொல்லாமலே, "மாதக் கடைசியில் சீட்டுகள் ஏன் சேருகின்றன?" என்று கேட்க முடியும். அந்தத் தேதிக் கட்டத்தைக் கண்டுபிடிக்க யாரும் யாருடைய குணத்தையும் பேசியிருக்கத் தேவையில்லை. அடுத்த காலாண்டில் மற்றப் பிரிவுகளின் படிவங்களையும் இதே கண்ணோடு பார்க்க மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; திருப்பி அனுப்பும் சரக்குக்கான சீட்டிலும் தேதிக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது.